பட்டியல் வகுத்தல்: உணவகத்தில் பொறியியலுக்கு என்ன வேலை?

திருநெல்வேலிப் பக்கத்து உணவக உரிமையாளர்களுக்காக அச்சிட்ட பயிற்சிக் கையேடு ஒன்றில் ‘உணவுப்பட்டியல் பொறியியல்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மெனு இன்ஜினியரிங் என்பதற்கு வேறு இரண்டு இடங்களிலும் இதே தமிழைப் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருந்தால் இது அகராதியில் ஏறிவிடும்.

மெனு என்ற சொல் இலத்தீனில் ‘சிறியது’ என்ற பொருளில் தொடங்கி, பிரெஞ்சில் ‘விவரமான பட்டி’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. மெனு இன்ஜினியரிங் என்ற தொடரை 1982இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் தங்கள் நூலின் வழியே பரப்பினார்கள். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும். எந்தப் பதார்த்தம் எவ்வளவு ஓடுகிறது, விற்றால் எவ்வளவு கையில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்பப் பட்டியலை மாற்றுவதுதான் அது குறிக்கும் வேலை. அந்த வேலையைப் பார்த்தால்தான் மொழிபெயர்ப்பு எங்கே வழுக்குகிறது என்று தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு சைவ உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதியத்துக்கு ஐந்தே வகைகள். ஒரு வாரத்தில் விற்றவை மொத்தம் 1,000 தட்டு. சாதாரணச் சாப்பாடு 400, வெஜிடபிள் பிரியாணி 250, தயிர் சாதம் 170, சொதிச் சாப்பாடு 100, ஃப்ரைடு ரைஸ் 80. ஒவ்வொன்றின் விலையிலிருந்தும் அதற்கான சரக்குச் செலவை மட்டும் கழிக்க வேண்டும். வாடகை, கூலி, மின்கட்டணம் எதையும் இப்போது தொடக்கூடாது. 100 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் என்று 55 ரூபாய் போனால் கையில் நிற்பது 45. அப்படியே பிரியாணியில் 70, தயிர் சாதத்தில் 35, சொதியில் 90, ஃப்ரைடு ரைஸில் 40 நிற்கிறது என்று கொள்வோம். இவற்றை விற்ற தட்டுகளால் பெருக்கிக் கூட்டினால் 53,650 ரூபாய். தட்டுக்குச் சராசரி 53 ரூபாய் 65 காசு. கையில் நிறைய நிற்பதையும் குறைவாக நிற்பதையும் பிரிக்கிற முதல் கோடு இது.

இரண்டாவது கோடு ஓட்டத்துக்கானது. ஐந்து வகையும் சமமாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு வரும். அதில் பத்துக்கு ஏழு பங்கைத் தொட்டாலே ‘நன்றாக ஓடுகிறது’ என்று கொள்வது கசவானாவும் ஸ்மித்தும் வைத்த வழக்கம். எனவே இங்கே கோடு 14 விழுக்காட்டில் விழும். பிரியாணி இரண்டு கோட்டையும் தாண்டுகிறது. சாப்பாடும் தயிர் சாதமும் ஓடுகின்றன, ஆனால் கையில் நிற்பது குறைவு. சொதி ஓடவில்லை, ஓடினால் நிறைய நிற்கும். ஃப்ரைடு ரைஸ் இரண்டிலும் தவறுகிறது.

சரக்குச் செலவை விலையில் இத்தனை விழுக்காடு என்று பார்க்காமல் ரூபாயில் ஏன் பார்த்தோம் என்று கேட்கலாம். 60 ரூபாய்த் தயிர் சாதத்தில் சரக்குச் செலவு 25, 120 ரூபாய்ப் பிரியாணியில் 50. விழுக்காட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கல்லாவில் ஒன்று 35, மற்றது 70.

அடுத்தது பட்டியலில் கை வைப்பது. நம் கடையின் அட்டையில் சொதி ‘ஸ்பெஷல் மீல்ஸ் 2’ என்ற பெயரில், காபிக்கு மேலே ஒளிந்திருக்கிறது. அதை ‘மறுவீட்டுச் சொதி: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ்’ என்று எழுதி மதியப் பகுதியின் முதல் வரியில் வைக்க வேண்டும். அட்டையே இல்லாமல், பரிமாறுபவர் வாயால் ஒப்பிக்கிற கடையானால் அவர் முதலில் சொல்வது சொதியாக இருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பட்டியல் நாக்கில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் சொதி கூடியதா என்பதோடு எதைத் தின்று கூடியது என்றும் எண்ண வேண்டும். சாப்பாடு கேட்டு வந்தவர் சொதிக்கு மாறினால் தட்டுக்கு 45 ரூபாய் கூடும். பிரியாணிக்காரர் மாறினால் 20தான். தேங்காய்ப்பால் பிழிய ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டால் அந்தக் கூலி இந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் பொறியியல் எங்கே இருக்கிறது? தமிழில் பொறி என்றால் இயந்திரம். எலியைப் பிடித்தாலும் பொறி, தீயிலிருந்து தெறித்தாலும் பொறி, கண்ணும் காதும்கூடப் பொறிகள். பொறியியல் என்று கட்டியதும் அது ஒரு கல்லூரிப் பாடமாக இறுகிவிட்டது. ஆங்கிலத்தில் இன்ஜினியர் என்ற சொல் வினையாகி ‘திட்டமிட்டு நினைத்தபடி நடக்க வைப்பது’ என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. மெனுவோடு சேர்ந்திருப்பது அந்தப் பொருள். நம் சொல்லுக்கு அந்தக் கிளை கிடையாது. மேலும் ‘உணவுப்பட்டியல் பொறியியல்’ என்று வேகமாகப் படிப்பவர் உணவுப் பொறியியல் படிப்பைத்தான் நினைப்பார். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு வினையை எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். ‘நேற்று பட்டியலைப் பொறியியல் செய்தேன்’ என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? வினையாகாத கலைச்சொல் கையேட்டைவிட்டு வெளியே வராது.

‘பட்டியல் வடிவமைப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. இது தமிழாக ஒலிக்கிறது, ஆனால் பாதி வேலையை விழுங்கிவிடுகிறது. கேட்பவர் நேராக அச்சகத்துக்குப் போய் வண்ணமும் கட்டமும் கேட்பார். வலப்பக்க மேல்மூலையில்தான் கண் முதலில் விழும் என்று அங்கே ஒருவர் அடித்தும் சொல்வார். 2012இல் ஆய்வாளர் சிபில் யாங் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, மக்கள் உணவுப்பட்டியலைப் பெரும்பாலும் புத்தகத்தைப் போல வரிசையாகவே படித்தார்கள். எந்தச் சோற்றை முன்னே வைப்பது என்று தெரியாமல் கட்டம் போட்டு என்ன பயன்? ‘உணவுப்பட்டி’ என்று சுருக்குவோரிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கள் பக்கம் பட்டி என்றால் ஊர், அல்லது ஆடு அடைக்கிற இடம்.

என் வாக்கு ‘பட்டியல் வகுத்தல்’ என்பதற்கு. வகைவகையாகப் பிரிப்பதும் வகுத்தல், திட்டம் போடுவதும் வகுத்தல். சேர்த்ததை இன்னின்னதற்கு என்று பிரித்து வைப்பதை ‘காத்த வகுத்தலும்’ என்று குறளும் சொல்கிறது. வகுத்தார், வகுக்க வேண்டும், வகுக்காத பட்டியல் என்று வினை தாராளமாக வளைகிறது. கணக்குப் பாட வகுத்தலோடு குழம்பும் என்பார்கள். இதிலும் வகுத்தல் கணக்கு இருக்கிறது, குழம்பினால் மோசமில்லை.

இரண்டு கோடும் பிரித்த நான்கு கூட்டங்களுக்கு அந்தக் கையேடு வைத்த பெயர்கள்: பிரியாணி போன்றவை நட்சத்திரம், சாப்பாடும் தயிர் சாதமும் உழவுக் குதிரை, சொதி புதிர், ஃப்ரைடு ரைஸ் நாய். தாமிரபரணிப் பாசனத்தில் குதிரை பூட்டி உழுதவர் யார்? உழவு மாடு என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்குக் கை வரவில்லை. நாய் என்ற பெயர் பாஸ்டன் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் கட்டத்திலிருந்து வந்தது. சோறு போடும் இடத்தில் ஒரு பதார்த்தத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் உரிமையாளர் கையேட்டை அங்கேயே மூடிவிடுவார். கடைத்தெருவில் ‘ஓடாத சரக்கு’ என்று வழங்குகிறது, அதையே வைக்கலாம். நட்சத்திரமும் புதிரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கையேடு விட்டுவிட்ட ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஓடாத சரக்கை எடுத்ததும் இரண்டு கோடும் இடம் மாறும். ஃப்ரைடு ரைஸ் போன பிறகு நான்கு வகைதான், ஓட்டத்துக்கான கோடு பதினேழரை விழுக்காட்டுக்கு ஏறும். அதன் 80 தட்டும் மற்றவற்றுக்குப் போய்ச் சேராவிட்டால் தயிர் சாதத்தின் பங்கு பதினெட்டரைதான், மயிரிழையில் தப்பும். சராசரிக்குக் கீழே எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் சொதிக் கடைதான் மிஞ்சும்.