விலைப்பட்டியலில் இருந்து 21 லேபிள்கள்: ஒரே சூத்திரத்தால் தாள் எப்படி நிரம்புகிறது?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை. விலை மாறும் நாளில் துவரம் பருப்புக்கு 4 லேபிள், பொன்னி அரிசிக்கு 2, நல்லெண்ணெய்க்கு 3 வேண்டும். கையில் இருப்பது 21 லேபிள் கொண்ட ஏ4 ஒட்டுத்தாள்: குறுக்கே 3, நெடுக்கே 7, ஒவ்வொன்றும் 63.5 மி.மீ. அகலம், 38.1 மி.மீ. உயரம். ஒவ்வொரு கட்டத்திலும் பெயரையும் விலையையும் வெட்டி ஒட்டினால் எங்காவது ஒரு விலை பழையதாகவே நின்றுவிடும். அதற்குப் பதில், ஒவ்வொரு கட்டமும் "நான் எத்தனையாவது லேபிள்?" என்று தானே கணக்கிட்டு, பட்டியலில் தனக்குரிய பொருளைத் தேடி எடுக்கும்படி எக்செல்லில் அமைத்துவிடலாம்.

முதலில் பட்டியல். அந்தத் தாளுக்கு Prices என்று பெயரிடுங்கள். A-யில் பொருள், B-யில் வரியில்லா விலை, C-யில் எத்தனை லேபிள் வேண்டும் என்ற எண்ணிக்கை. தலைப்பு முதல் வரிசையில். பொருள்கள் இரண்டாம் வரிசையில் தொடங்கும். H1-இல் பொருள், சேவை வரி விகிதம், அதாவது 9%. D2, E2 இரண்டிலும் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUM(C$1:C1)+1
=ROUND(B2*(1+$H$1),2)
```

D தருவது தொடக்க எண். பருப்பு 1-இல் தொடங்கும். அதற்கு 4 லேபிள் என்பதால் அரிசி 5-இல், எண்ணெய் 7-இல். ஆக 6-ஆவது லேபிள் யாருடையது? 6-ஐத் தாண்டாத தொடக்க எண்களில் பெரியது 5, எனவே அரிசி. MATCH செய்வது இதைத்தான். ஒரு பொருளுக்கு எண்ணிக்கை 0 என்று போட்டால், அதற்கும் அடுத்த பொருளுக்கும் ஒரே தொடக்க எண் விழும். அப்போது MATCH கடைசியில் உள்ளதைத்தான் பிடிக்கும். லேபிள் வேண்டாத பொருள் தானாக ஒதுங்கிவிடும். வரிசையை அழிக்கத் தேவையில்லை.

E-யில் விலை வரியோடு சேர்ந்து வருகிறது. வரிக்குப் பதிவு செய்த கடைகள் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலை வரி உட்பட இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. 2024 ஜனவரி 1 அன்று விகிதம் 8-இலிருந்து 9-க்கு ஏறியபோது இப்படிப் பட்டியல் வைத்திருந்தவருக்கு ஒரு கட்டத்தை மாற்றும் வேலைதான். பதிவு செய்யாத கடை வரி வாங்கக் கூடாது. H1-இல் 0 போட்டுக்கொள்ளலாம். 4.10 வெள்ளிப் பருப்பு 4.469 ஆகி 4.47-இல் நிற்கும். ஒரு காசு நாணயம் 2002-இலேயே வெளியீட்டில் இருந்து நின்றுவிட்டதே என்று லேபிளை 4.45 ஆக்க வேண்டாம். ஐந்து காசுக்கு முழுமையாக்குவது ரொக்கம் வாங்கும்போது மொத்த பில்லில் நடப்பது.

இனி அதே கோப்பில் தனியாக ஒரு லேபிள் தாள். பெயர் சிறிய எழுத்திலும் விலை பெரிய எழுத்திலும் வேண்டும். சூத்திரம் உள்ள ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்தளவு வைக்க எக்செல் விடாது. அதனால் ஒரு லேபிளுக்கு இரண்டு வரிசை: பெயருக்கு 45 புள்ளி, விலைக்கு 63 புள்ளி. கூட்டினால் 108 புள்ளி. அது சரியாக 38.1 மி.மீ. லேபிள்கள் A, C, E நெடுவரிசைகளில். B, D இரண்டும் இடைவெளி, தலா 2.54 மி.மீ. பேஜ் லேஅவுட் பார்வைக்கு மாறினால் அகலத்தை மில்லிமீட்டரிலேயே கொடுக்கலாம். இந்தத் தாளின் H1-இல் பக்க எண், H2-இல் ஒட்டுத்தாளில் ஏற்கெனவே உரித்துவிட்ட லேபிள்களின் எண்ணிக்கை. அச்சுப் பரப்பு A1:E14 மட்டும்.

A1-இல் வைக்க வேண்டிய பெயர்ச் சூத்திரம் (எக்செல் 2021 அல்லது 365 தேவை):

```
=LET(pos,($H$1-1)*21+INT((ROW()-1)/2)*3
 +INT((COLUMN()-1)/2)+1-$H$2,
 IF(OR(pos<1,pos>SUM(Prices!$C$2:$C$200)),"",
 INDEX(Prices!$A$2:$A$200,
 MATCH(pos,Prices!$D$2:$D$200,1))))
```

A2-இல் இதே சூத்திரம்தான். INDEX வரும் இடத்தில் மட்டும் விலையை எடுக்க வேண்டும்:

```
"S$"&TEXT(INDEX(Prices!$E$2:$E$200,
 MATCH(pos,Prices!$D$2:$D$200,1)),"0.00")
```

TEXT-ஐ விட்டுவிட்டால் 3.50 வெள்ளிப் பொருள் "S$3.5" என்று அச்சாகும். பட்டியலில் அந்தக் கட்டத்துக்கு இரண்டு தசம வடிவம் கொடுத்திருந்தாலும் பயனில்லை; & குறி எண்ணை மட்டுமே எடுக்கும், அதன் தோற்றத்தை அல்ல.

A1, A2 இரண்டையும் சேர்த்து நகலெடுத்து மற்ற 20 இடங்களிலும் ஒட்டினால் தாள் முடிந்தது. E13-ஐச் சரிபாருங்கள்: வரிசை 13 என்பதால் 6×3=18, நெடுவரிசை 5 என்பதால் 2, கூட 1; மொத்தம் 21. மொத்தம் 50 லேபிள் என்றால் H1-ஐ 1, 2, 3 என மாற்றி மூன்று முறை அச்சிட வேண்டும். மூன்றாம் தாளில் 8 லேபிள் போக 13 மிஞ்சும். அடுத்த முறை அந்தத் தாளை முதலில் போட்டு, H1-ஐ மீண்டும் 1 ஆக்கி, H2-இல் 8 என்று கொடுத்தால், முதல் 8 இடமும் வெறுமையாகி ஒன்பதாவதில் இருந்து அச்சாகும். ஆனால் பாதி உரித்த தாளை லேசர் அச்சுப்பொறியில் விடாதீர்கள். உள்ளே சூட்டில் லேபிள் கழன்று உருளையில் ஒட்டிக்கொண்டால் செலவு பெரிது.

இந்த அமைப்பில் மிக ஆபத்தான தவறு ஒன்று உண்டு. யாராவது அழகுக்காகத் தாளின் மேலே ஒரு தலைப்பு வரிசையைச் செருகினால், பெயர் வரிசை 2-க்கும் விலை வரிசை 3-க்கும் நகரும். பெயரின் கணக்கு மாறாது. விலையின் கணக்கில் மூன்று கூடிவிடும். முதல் லேபிளில் 1-ஆம் எண்ணின் பெயரும் 4-ஆம் எண்ணின் விலையும் வரும். நம் பட்டியலில் இரண்டுமே பருப்பு என்பதால் அது சரியாகவே தெரியும்! இரண்டாவது லேபிளில்தான் பருப்புக்கு 13.95 வெள்ளி, அதாவது அரிசியின் விலை. ஆகவே முதல் லேபிளைப் பார்த்துத் திருப்தி அடையாமல், இடையிலும் கடைசியிலும் ஒன்றிரண்டை விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

அச்சிடும்போது இடது ஓரம் 7.2 மி.மீ., மேல் ஓரம் 15.1 மி.மீ., வலது, கீழ் ஓரங்கள் அவற்றைவிடச் சற்றுக் குறைவு, அளவு 100%. முதலில் வெள்ளைத் தாளில் அச்சிட்டு, ஒட்டுத்தாளின் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். எல்லா லேபிளும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் ஓரத்தைத் திருத்தினால் போதும். கீழே போகப் போக விலகல் கூடினால் யாரோ, பெரும்பாலும் அச்சுப்பொறி மென்பொருள், பக்கத்தைச் சுருக்குகிறது. 97% ஆக்கினால்கூட ஏழு வரிசையில் 8 மி.மீ. இழுத்துவிடும், பெயர் மேலே உள்ள லேபிளுக்குள் ஏறிவிடும். உயரம் சரியாக இருந்து வலப்பக்கம் மட்டும் விலகினால் நெடுவரிசை அகலம்தான் காரணம். எக்செல் அகலத்தை எழுத்துருவின் அளவை வைத்து அளப்பதால் அச்சுப்பொறி மாறும்போது அது சற்றே மாறும். B, D இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். கடைசி வரிசை மட்டும் தனிப் பக்கத்துக்குத் தாவினால் தாள் அளவைப் பாருங்கள்: ஏ4-க்குப் பதில் 279 மி.மீ. உயரமுள்ள லெட்டர் அளவு தேர்வாகியிருக்கும்.