வாக்காளர் அட்டையில் படமும் பெயரும் தவறா? முதலில் பட்டியலைத் திருத்துங்கள்

வாக்காளர் அட்டையில் அச்சாகும் படம், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி எல்லாமே வாக்காளர் பட்டியலில் இருந்து எடுக்கப்படுபவை. பட்டியலில் பிழை இருக்கும்வரை எத்தனை முறை புது அட்டை வாங்கினாலும் அந்தப் பிழையோடுதான் வரும். திருத்தத்துக்கும் மாற்று அட்டைக்குமான படிவம் 8-ஐ நிரப்பும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

`voters.eci.gov.in` தளத்தில் செல்பேசி எண் கொடுத்து உள்ளே போய், படிவம் 8-ஐத் திறந்து அட்டை எண்ணை இட்டால் நான்கு தெரிவுகள் வரும். இடமாற்றத்துக்கு ஒன்று, மாற்றுத்திறனாளி என்று குறிக்க ஒன்று. மற்ற இரண்டில்தான் குழப்பம். `Correction of Entries in Existing Electoral Roll` என்பது பட்டியலில் உள்ள விவரத்தைத் திருத்த. `Issue of Replacement EPIC without correction` என்பது அட்டை தொலைந்தாலோ, கிழிந்தாலோ, வெள்ளத்திலோ தீயிலோ அழிந்தாலோ அதே விவரங்களோடு இன்னொரு அட்டை பெற. "அட்டை தப்பாக இருக்கிறது, புது அட்டை வேண்டும்" என்ற நினைப்பில் இரண்டாவதைத் தொட்டால், தவறான படத்தோடே புத்தம் புது அட்டை தபாலில் வந்து சேரும். படமோ பெயரோ தவறு என்றால் திருத்தத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டதும் அட்டையும் அச்சாகி வரும். அதற்கெனத் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். அட்டை எண்ணும் மாறாது.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. பழைய அட்டையை விட்டுவிட்டு, புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐப் போடுவது. ஒருவர் பெயர் பட்டியலில் ஓர் இடத்தில்தான் இருக்கலாம் என்கிறது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தெரியாமல் செய்தாலும், இரட்டைப் பதிவு விசாரணையில் சிக்கி எந்தப் பதிவை நீக்குவது என்ற நிலைக்கு வந்துவிடும்.

படம் மாறுவது பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கும். பெரம்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மாமியாரின் பதிவில் மருமகள் படம், மருமகளின் பதிவில் மாமியார் படம். விண்ணப்பங்களைக் கட்டாகப் பதிவேற்றும்போது அடுத்தடுத்த இருவரின் படங்கள் இப்படி இடம் மாறிவிடும். அடுத்த வாரம் அட்டை தேவைப்படும் மருமகள் மட்டும் படிவம் 8 போட்டுத் தன் படத்தைச் சரி செய்துவிடுகிறார். இப்போது அவர் முகம் இரண்டு பதிவுகளில் இருக்கிறது: தன்னுடையதில் ஒன்று, மாமியாருடையதில் ஒன்று. ஒரே முகம் இரண்டு பெயர்களில் இருந்தால் கண்டுபிடிக்கத் தேர்தல் ஆணையத்திடம் மென்பொருள் உண்டு. அது இந்த இரண்டையும் ஒரே ஆள் என்று சந்தேகப்பட்டுக் காட்டக்கூடும். வீட்டுக்கு வரும் அலுவலரிடம் விளக்கிவிட்டால் தீரும். ஆனால் அவர் வரும் நேரத்தில் வீடு பூட்டியிருந்தால், மாமியாரின் பெயருக்கே ஆபத்து.

அதனால் படம் இடம் மாறியிருந்தால் இருவரும் ஒரே நாளில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருடைய செல்பேசிக் கணக்கில் இருந்தே `Other Elector` என்பதைத் தெரிவு செய்து மற்றவருக்கும் போடலாம். இருவரும் பட்டியலின் ஒரே பாகத்தில், அதாவது ஒரே வாக்குச்சாவடிக்கான பகுதியில், இருப்பதால் ஒரே வாக்குச்சாவடி நிலை அலுவலர்தான் விசாரிக்க வருவார். இரண்டு முகங்களையும் நேரில் பார்த்துவிட்டால் அவருக்கும் சந்தேகம் இராது. படம் 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி, முழு முகம் நேராக, மேலே கையெழுத்து இல்லாமல் இருக்க வேண்டும். பழைய அட்டையைச் செல்பேசியில் படம் எடுத்து அதையே வெட்டி ஏற்றுபவர்கள் உண்டு. அது கறுத்து மங்கித்தான் அச்சாகும். ஸ்டூடியோவில் எடுத்த ஜேபெக் கோப்பை, 2 எம்.பி.க்குள் இருக்கும்படி ஏற்றுங்கள்.

இனி எழுத்துப்பிழை. பட்டியல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அட்டையிலும் இரண்டும் அச்சாகும். இணையப் படிவத்தில் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் தமிழ்ப் பெட்டி தானாக நிரம்பும். பிழை பிறக்கும் இடம் அந்தப் பெட்டிதான். `Thenmozhi` என்று தட்டினால் தேன்மொழி வரும் என்று நம்ப முடியாது. 'தென்மொசி' என்று வந்து நிற்கலாம். ழகரம், ணகர னகரம், குறில் நெடில் ஆகியவற்றை ஆங்கில எழுத்தை வைத்து இயந்திரம் ஊகிக்கத்தான் செய்கிறது. தலைப்பெழுத்து இன்னும் மோசம். `K` என்ற ஒற்றை எழுத்து, குமாரசாமிக்கு 'கு' ஆக வேண்டுமா, கந்தனுக்கு 'க' ஆக வேண்டுமா என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டியைத் திறந்து தமிழில் நீங்களே தட்டிச் சரி செய்யலாம். பக்கத்தை நகர்த்துமுன் ஒவ்வொரு தமிழ்ப் பெட்டியையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தந்தை பெயர்ப் பெட்டியைப் பலர் பார்ப்பதே இல்லை.

ஆதாரத்திலும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தைத் திருத்த பான் கார்டோ பாஸ்போர்ட்டோ கொடுத்தால் பயனில்லை. அவற்றில் உங்கள் பெயர் தமிழில் இல்லை. ஆதார் அட்டையில் பெயர் தமிழில் சரியாக இருந்தால் அதைக் கொடுங்கள். ஆதாரிலேயே பிழை என்றால் முதலில் அதைச் சரி செய்வது நல்லது. இணையத்தில் ஆதார் வழி கையொப்பம் கேட்கும் கட்டத்தில், ஆதாரிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் ஒத்துப்போகாததால் விண்ணப்பம் நின்றுவிட்டால், காகிதப் படிவத்தை நிரப்பி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ வாக்காளர் பதிவு அலுவலரிடமோ கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த அலுவலகம் என்பதில் சென்னையில் ஒரு சிக்கல் உண்டு. மாநகராட்சிக்கு வரி கட்டுபவர்கள் எல்லாரும் தேர்தல் கணக்கில் சென்னை மாவட்டம் அல்ல. மயிலாப்பூர், வேளச்சேரி, கொளத்தூர் உட்பட 16 தொகுதிகளே சென்னை மாவட்டத்தில் வரும். சோழிங்கநல்லூர்த் தொகுதி செங்கல்பட்டிலும், அம்பத்தூர், மாதவரம் தொகுதிகள் திருவள்ளூரிலும் வருகின்றன. அட்டையில் உள்ள தொகுதியின் பெயரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். பாக எண்ணைப் பழைய அட்டையில் இருந்து எழுதாமல், தளத்தின் தேடலில் பார்த்து எழுதுங்கள். வாக்குச்சாவடிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது அது மாறிவிடும்.

விண்ணப்பித்ததும் வரும் குறிப்பு எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்கலாம். ஏற்கப்பட்டதாகக் காட்டியதும் அட்டைக்காகக் காத்திராமல் தளத்தில் உங்கள் பதிவைத் தேடிப் பாருங்கள். செல்பேசி எண் பதிவாகியிருந்தால் மின்னணு அட்டையையும் இறக்கிப் பார்க்கலாம். அதில் படமும் எழுத்தும் சரியென்றால் தபாலில் வருவதும் சரியாக இருக்கும். பட்டியலில் மாற்றம் ஏறிய 15 நாளுக்குள் அட்டை கிடைக்க வேண்டும் என்பது 2025 ஜூனில் ஆணையம் அறிவித்த கெடு. தள்ளுபடி செய்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பலன் குறைவு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் திருத்தம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. அதற்குள் முடியாவிட்டால் வாக்குரிமை போய்விடாது. சின்ன எழுத்துப்பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்று வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. படம் பொருந்தாமல் ஆளை அடையாளம் காண முடியாதபோது மட்டும் வேறு ஆவணம் காட்ட வேண்டும்: ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம் போன்றவை. குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்காதீர்கள்.