நின்றால் கனக்கும், படுத்தால் அடங்கும்

துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கும் 24 வயது இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாலையானால் இடது விரைப்பையில் ஏதோ கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒரு கனம். கூர்மையான வலி இல்லை. படுத்தால் அடங்கிவிடுகிறது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் மாதங்களைக் கடத்துகிறார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் போன்றதே இதுவும். வெரிகோசீல் என்பது இதன் பெயர். ஏறத்தாழ 100 ஆண்களில் 15 பேருக்கு இருக்கிறது.

விரையிலிருந்து கெட்ட இரத்தம் ஓர் அடிக்கும் மேல் வயிற்றுக்குள் ஏற வேண்டும். அது கீழே வழிந்துவிடாமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் சிறு கதவுகள், அதாவது வால்வுகள். அவை பழுதானால், நிற்கும்போது இரத்தம் புவியீர்ப்பில் திரும்பி இறங்கி, விரைக்கு மேலுள்ள சிரைப் பின்னலில் தேங்குகிறது. பின்னல் புடைத்துச் சுருள்கிறது. படுத்தால் ஏற்றமே இல்லாததால் தேங்கியது வடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் இடது பக்கத்தில் மட்டும் ஏன்? வலது சிரை உடலின் பெருஞ்சிரையில் சாய்வாகச் சென்று கலக்கிறது. இடது சிரையோ இன்னும் உயரமாக ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாக முட்டுகிறது. அங்கே அழுத்தமும் கூடுதல்.

மருத்துவர் அவரை நிற்கவைத்து, மூச்சடக்கி முக்கச் சொல்வார். அப்போது விரல்களுக்கிடையே புழுக்கள் நிறைந்த பைபோல் நெளிவு தட்டுப்படும். டாப்ளர் ஸ்கேன் இரத்தம் பின்னோக்கி ஓடுவதைக் காட்டிவிடும். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. விரைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையே பலருக்குப் போதும். ஆனால் தேங்கிய இரத்தம் விரையைச் சூடாக்குகிறது. விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவு வேண்டும். ஆகவே கனம் தீராதபோதும், விரை சிறுத்துவரும்போதும், குழந்தையில்லாதவரின் விந்துப் பரிசோதனையில் குறை தெரியும்போதும் அந்தச் சிரைகளைக் கட்டிவிடுவது பற்றி மருத்துவர் யோசிப்பார்.

படுத்தும் அடங்காத புடைப்பு, வலது பக்கத்தில் மட்டும் வருவது, நடுவயதுக்குப் பின் திடீரென முளைப்பது ஆகியவை வேறு கதை. மேலே சிறுநீரகத்தில் வளர்ந்த கட்டி சிரையை அடைத்திருக்கக்கூடும். வயிற்றையும் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

வலியில்லாத வீக்கமெல்லாம் வெரிகோசீல் அல்ல. விரையைச் சுற்றி நீர் கோத்தால் அது ஓதம். யானைக்கால் புழுவாலும் அது வரும். இருட்டில் டார்ச் அடித்தால் நீர் சிவப்பாக ஒளிரும். இருமினால் இறங்கி, படுத்தால் ஏறும் வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கம். விரையோடு ஒட்டிய, ஒளி ஊடுருவாத, கல்போன்ற கட்டிதான் நான் அஞ்சுவது. விரைப் புற்றுநோய் 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் அந்த வாரமே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். திடீரெனத் தாங்கமுடியாத வலி வந்தாலோ, விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் இருந்தால்தான் பெரும்பாலும் அதைக் காப்பாற்ற முடியும்.