ரத்தானது டிக்கெட் இல்லை!

போன வாரம் இன்னொருவர் வீணாக டிக்கெட் வாங்கிவிட்டு வந்தார். ஜெர்மனியில் லைப்சிக்கில் செவிலியராக இருக்கிறார், என்னிடம் பி2 நிலை வரை ஜெர்மன் படித்தவர். பிராங்பேர்ட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது 50 நிமிடத் தாமதம் என்று அறிவிப்பு. செல்பேசியில் டிக்கெட்டைத் திறந்தால் `Zugbindung aufgehoben` என்று இருந்திருக்கிறது. அகராதியில் இரண்டாவது சொல்லுக்கு 'ரத்து' என்று பார்த்ததும் பயந்துபோய், முழு விலைக்குப் புது டிக்கெட் வாங்கிவிட்டார். இந்த வருடம் இதே கதையோடு என்னிடம் வரும் மூன்றாவது ஆள் இவர்.

தயவுசெய்து அந்த முதல் சொல்லைப் பிரித்துப் படியுங்கள். ட்ஸூக் என்றால் ரயில், பிண்டுங் என்றால் கட்டு. `Sparpreis` போன்ற மலிவு டிக்கெட்டுகள் உங்களை ஒரு குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடுகின்றன. போய்ச் சேரும் ஊருக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அதைத்தான் அந்த வரி சொல்கிறது. டிக்கெட் அப்படியே செல்லும். அதே ஊருக்குப் போகும் அடுத்த ஐசிஇ அதிவேக ரயிலில் அதை வைத்தே ஏறலாம். இருக்கை முன்பதிவு மட்டும் உங்களோடு வராது, காலியான இடம் பார்த்து உட்கார வேண்டும். ஆனால் உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாதாந்திர `Deutschland-Ticket` வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு தாமதமானாலும் அதை வைத்து ஐசிஇயில் ஏறாதீர்கள்.

ரயிலே ரத்தானால் வரும் சொல் வேறு: `fällt aus`, அல்லது `entfällt`. ஒலிபெருக்கியில் முதலில் "ஃபெல்ட்" வரும், நடுவில் "ஹொய்ட்ட" வரும், "அவுஸ்" கடைசியில்தான் வரும். வினைமுற்றுக்காக வாக்கியத்தின் கடைசிவரை காத்திருப்பது நமக்குப் பழக்கம்தானே? அப்புறம் ஏன் ஊர்ப்பெயர் காதில் விழுந்ததும் நகர்ந்துவிடுகிறீர்கள்?

"ஹொய்ட்ட" என்றால் இன்று. நிலைய அறிவிப்பில் இந்தச் சொல் கேட்டால், வழக்கத்திலிருந்து ஏதோ மாறியிருக்கிறது என்று நிமிர்ந்து நில்லுங்கள். "ஹொய்ட்ட ஃபொன் க்ளைஸ் நொய்ன்" என்றால் இன்று ஒன்பதாவது பிளாட்ஃபார்மிலிருந்து புறப்படும். தாமத நிமிடங்களில் ஒன்றின் இலக்கம் முதலில் வரும்: "ஃப்யுன்ஃப்-உன்ட்-ட்ரைசிஷ்" என்பது ஐந்தும் முப்பதும், அதாவது 35. ஐந்து என்று கேட்டதுமே ஐந்து நிமிடம்தான் என்று நினைத்துக்கொள்பவர்களை வகுப்பிலேயே பார்க்கிறேன்.

இனி `Zugbindung aufgehoben` என்று வந்தால் உடனே பணம் கட்டாதீர்கள். முதலில் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சந்தேகம் இருந்தால் நிலையத்தின் தகவல் கவுன்ட்டரில் டிக்கெட்டைக் காட்டி, "இஸ்ட் டீ ட்ஸூக்பிண்டுங் அவுஃப்கெஹோபென்?" என்று கேளுங்கள். "யா" என்றால் அடுத்த ரயிலில் ஏறிவிடுங்கள். பரிசோதகர் வந்தால் டிக்கெட்டோடு அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுங்கள்.