நாற்பது தாள் வைத்தால் முப்பத்தேழுதான் எண்ணுது

பாலக்கோடு மண்டியில் தக்காளி விற்ற காசை என் சித்தப்பா தர்மபுரிக்குக் கொண்டுவந்து, பணம் போடும் மெஷினில் வைத்தார். 500 ரூபாய்த் தாள் 40, ஆக 20,000. திரையில் வந்ததோ 37 தாள், 18,500 ரூபாய். "மூணு தாளை முழுங்கிருச்சுடா!" என்றார். முழுங்கவில்லை. மூன்றும் தட்டிலேயே திரும்பி வந்து கிடந்தன.

உள்ளே போகும் நோட்டுக்கட்டை மெஷின் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உணரிகளின் வழியே ஓட்டுகிறது. அளவு (500 ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம்), தடிமன், அச்சு எல்லாம் அப்போது பார்க்கப்படும். அகச்சிவப்பு ஒளிதான் இதில் கெட்டிக்காரன். நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் மைகளில் சில அந்த ஒளியில் மறைந்துவிடும், சில கருப்பாகவே நிற்கும். கலர் ஜெராக்ஸில் இந்த வேறுபாடு வராது.

கள்ள நோட்டு என்று நிரூபணமாக வேண்டியதில்லை, சந்தேகம் வந்தாலே மெஷின் தாளைத் தள்ளிவிடும். மூலை மடிந்தால் அளவு குறையும். செலோடேப் ஒட்டினால் தடிமன் கூடும். மண்டியில் ஈரக்கையோடு எண்ணிய தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு போனாலும் அப்படித்தான்.

ஏற்ற தாள்களும் உடனே பெட்டிக்குள் போவதில்லை. நீங்கள் திரையில் உறுதிசெய்யும்வரை நடுவில் ஓரிடத்தில் காத்திருக்கும். கணக்கு இடித்தால் அப்போதே ரத்து செய்யலாம், கட்டு திரும்பி வரும். அவசரத்தில் ஓகே தட்டிவிட்டுத் தட்டைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். எடுக்காத தாளைச் சிறிது நேரத்தில் மெஷின் உள்ளே இழுத்துத் தனிப் பெட்டியில் போடும், கணக்கில் சேர்க்காது. சீட்டோடு கிளையில் புகார் கொடுத்தால், மெஷினின் பதிவேட்டையும் பெட்டியில் மிகுந்த பணத்தையும் ஒத்துப்பார்த்துக் கண்டுபிடிக்கலாம். சந்தேகத் தாளைத் திருப்பித் தராமல் தானே வைத்துக்கொள்ளும்படி அமைத்த மெஷின்களும் உண்டு.

சித்தப்பா 18,500-ஐ உறுதிசெய்துவிட்டு, மடிந்த மூலையை நிமிர்த்தி ஒரு தாளை மறுபடி வைத்தார். ஏற்றுக்கொண்டது, 19,000. டேப் ஒட்டியதைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள், 19,500. மூன்றாவது தாளில் ஒரு குறையும் தெரியவில்லை. கேஷியர் அதைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் தாள் முழுக்க நீலமாக மினுங்கியது. நோட்டு அச்சடிக்கும் பருத்தித்தாள் அப்படி மினுங்காது. கடைத்தாளில்தான் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கும்.

"என்கிட்டயே குடுத்துருங்க, தந்தவன்கிட்ட கேக்குறேன்" என்றார் சித்தப்பா. தர முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி கள்ள நோட்டு என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, ரசீது கொடுப்பார்கள். ஈடு கிடையாது. ஒரே தடவையில் நான்கு தாள் வரை என்றால் மாதக் கடைசியில் போலீசுக்குத் தொகுப்பு அறிக்கை போகும். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார், வழக்கு. சித்தப்பாவுக்குப் போனது 500 ரூபாய். அந்த ரசீதை இன்னும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்டியில் ஆளைத் தேடுகிறார்.