அலை எண் அதிகம் என்றால் பிணைப்பும் வலுவா?

இந்தப் பருவத்தின் செய்முறை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் அதே வரி: "HCl 2886 செ.மீ⁻¹-இல் உறிஞ்சுகிறது, CO 2143 செ.மீ⁻¹-இல்தான் உறிஞ்சுகிறது. ஆகவே HCl பிணைப்பே வலுவானது." எழுதியவர் முதுகலை மாணவர். CO-வில் இருப்பது முப்பிணைப்பு என்று பள்ளியிலேயே படித்தவர். அப்படியிருந்தும், நிறமாலையில் பெரிய எண்ணைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. ஆண்டுதோறும் இதைச் சிவப்பு மையால் சுழித்துச் சலித்துவிட்டதால், ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அகச்சிவப்பு நிறமாலை காட்டுவது அதிர்வின் வேகத்தை. அந்த வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: பிணைப்பின் விறைப்பு, அதில் ஆடும் அணுக்களின் நிறை. ஒரே சுருள்வில்லில் சின்னக் கல்லைக் கட்டினால் படபடவென்று ஆடும், பெரிய கல்லைக் கட்டினால் மெதுவாக ஆடும். வில் மாறவில்லை. அதனால் ஆட்டத்தை மட்டும் பார்த்து வில்லின் விறைப்பைச் சொல்ல முடியாது. நிறையை ஈடுகட்டிய பிறகுதான் சொல்ல முடியும். நாம் போடும் சூத்திரம் செய்வது அவ்வளவுதான். இதில் k பிணைப்பின் விறைப்பு, ν̃ அலை எண், c ஒளியின் வேகம்:

k = 4π²c²ν̃²μ,  μ = m₁m₂/(m₁ + m₂)

இரண்டு அணுக்களில் ஒன்று மிக இலேசாக இருந்தால், குறைக்கப்பட்ட நிறை μ ஏறக்குறைய அந்த இலேசான அணுவின் நிறையாகவே இருக்கும். H³⁵Cl-க்கு μ 0.98 அணு நிறை அலகு. அதாவது குளோரின் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, ஹைட்ரஜன் மட்டும் ஆடுகிறது. CO-வில் 12-உம் 16-உம் சேர்ந்து 6.86 தருகின்றன. HCl-ஐப் போல ஏழு மடங்கு. இவ்வளவு சுமையை வைத்துக்கொண்டும் CO 2143 வரை எட்டிப்பிடிக்கிறது என்றால் அந்தப் பிணைப்பு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும்! கணக்குப் போட்டால் CO-வின் k 1856 நியூட்டன்/மீட்டர், HCl-இன் k 481. ஏறக்குறைய நான்கு மடங்கு. மாணவர் எழுதிய முடிவு அப்படியே தலைகீழ்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் DCl-ஐப் பாருங்கள். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம். எலக்ட்ரான்கள் அதே, அணுக்கருக்களின் மின்சுமையும் அதே, எனவே பிணைப்பும் அதே. ஆனால் உறிஞ்சுவது 2091-இல். கிட்டத்தட்ட 800 செ.மீ⁻¹ இறங்கிவிட்டது. பிணைப்பு தளர்ந்துவிட்டது என்று இதற்கு எழுதுவீர்களா? எழுதியவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதற்குக் காரணம் μ 0.98-இலிருந்து 1.90-க்கு ஏறியது மட்டுமே.

சரி, கணக்குக்கு வருவோம். H³⁵Cl-இன் μ கிலோகிராமில் 1.627 × 10⁻²⁷. c-ஐ 2.998 × 10¹⁰ செ.மீ/விநாடி என்று வைத்தால் 2πcν̃ = 5.436 × 10¹⁴. அதை வர்க்கப்படுத்தி μ-வால் பெருக்கினால் 481 நியூட்டன்/மீட்டர். இதில் தவறினால் விடையே காட்டிக்கொடுக்கும். 0.048 வந்தால் c-ஐ மீட்டரில் போட்டுவிட்டு அலை எண்ணைச் சென்டிமீட்டரில் விட்டிருக்கிறீர்கள். 12 வந்தால் 4π² விட்டுப்போயிற்று. 17,000-ஐத் தாண்டினால் μ-வுக்குப் பதில் இரண்டு நிறைகளையும் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். 10²⁶ என்றெல்லாம் வந்தால் அவகாட்ரோ எண்ணால் வகுக்கவில்லை. சாதாரண ஒற்றைப் பிணைப்புக்குச் சில நூறு, முப்பிணைப்புக்கு இரண்டாயிரத்தை ஒட்டி என்ற அளவையாவது மனதில் வையுங்கள். 10²⁶ என்று எழுதி அடியில் இரட்டைக்கோடு போட்டுத் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, 2886-ஐ எங்கிருந்து எடுப்பது? வாயு நிலை HCl-இன் நிறமாலையில் 2886-இல் கோடே கிடையாது. அங்கே இருப்பது இடைவெளி. அதிர்வோடு சேர்ந்து சுழற்சியும் மாறியே ஆக வேண்டும் என்பதால், இரண்டு பக்கமும் கோடுகள் வரிசையாக நிற்க, நடு மட்டும் காலியாக இருக்கும். நிறையப் பேர் உயரமான கோட்டைத் தேடி, 2963-ஐ ஒட்டி ஒன்றைப் பிடித்து, அதையே சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். விடை 507 என்று வருகிறது, பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. ஆபத்தே அதுதான். இடைவெளியின் இரு கரைகளிலும் உள்ள கோடுகளை, அதாவது 2906.2-ஐயும் 2865.1-ஐயும் எடுத்துச் சராசரி காணுங்கள், 2885.7 வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இரண்டு செ.மீ⁻¹ தள்ளி ஒரு சின்னக் கோடு தெரிந்தால் அது ³⁷Cl உடையது. அதை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள்.

இப்போது உண்மையிலேயே சிந்திக்க வேண்டிய இடம். DCl-க்கும் இதே கணக்கைப் போட்டால் 491 வருகிறது. HCl-க்கு 481. ஒரே பிணைப்பு என்று மேலே சொன்னேனே, பிறகு ஏன் இரண்டு விடை? கணக்கில் பிழை இல்லை. பிணைப்பு சரியான சீரிசை வில்லாக நடந்துகொள்வதில்லை. இழுக்க இழுக்கத் தளர்கிறது. அதனால் முதல் தாவலின் அலை எண் சீரிசை மதிப்பைவிடக் குறைந்தே தெரிகிறது. ஹைட்ரஜன் இலேசானது, அதன் வீச்சு பெரிது, ஆகவே HCl-இல் இந்தக் குறைவு அதிகம்.

இதைச் சரிசெய்ய முதல் மேற்சுரம் வேண்டும். H³⁵Cl-க்கு அது 5668 செ.மீ⁻¹-இல் இருக்கிறது. சீரிசையாக இருந்திருந்தால் 2886-இன் இரட்டிப்பான 5772-இல் இருந்திருக்கும். குறைவது 104. அந்த 104-ஐ 2886-உடன் கூட்டினால் 2990 கிடைக்கிறது. ωₑ என்று அட்டவணைகளில் போட்டிருப்பது இதைத்தான். அதைச் சூத்திரத்தில் போட்டால் k 516. DCl-இன் ωₑ 2145, அதிலிருந்தும் 516. இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த ஒப்பீட்டை வகுப்பில் ஒருமுறை கையால் செய்யவிடுங்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேறெந்த விளக்கமும் இவ்வளவு சீக்கிரம் மனதில் பதிவதில்லை.

அப்புறம், k-ஐப் பிணைப்பை உடைக்கும் ஆற்றலாக எண்ணிவிடாதீர்கள். சமநிலை நீளத்துக்குப் பக்கத்தில் பிணைப்பு எவ்வளவு விறைப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. F₂-இன் k 470, HI-இன் k 314. ஆனாலும் எளிதில் உடைவது F₂தான்.

தயவுசெய்து ஏட்டில் k-க்குப் பக்கத்திலேயே எந்த அலை எண்ணிலிருந்து கணக்கிட்டீர்கள் என்று எழுதுங்கள். HF, HCl, HBr, HI வரிசைக்குப் புத்தகங்கள் தரும் 966, 516, 412, 314 எல்லாம் ωₑ-இலிருந்து வந்தவை. அவற்றின் நடுவே உங்கள் 481-ஐச் செருகி, "பிழை ஏழு விழுக்காடு, கருவி சரியில்லை" என்று எழுதாதீர்கள். கருவி சரியாகத்தான் அளந்திருக்கிறது.