அந்த 87 பேர் எங்கே?

சமையல் சேனல் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யூடியூப் ஸ்டுடியோவில் எனக்கு 12,387 சந்தாதாரர்கள். வெளியே சேனல் பக்கத்தில் 12.3K என்றுதான் இருக்கிறது. மீதி 87 பேர் எங்கே? சுருக்கிக் காட்டுவதென்றால் பள்ளிக்கூடக் கணக்குப்படி 12.4K அல்லவா வர வேண்டும்?"

87 பேரும் பத்திரமாக இருக்கிறார்கள். அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் சுவையானது.

2019 வரை கைப்பேசியில் சுருக்கிய எண்ணும், கணினியில் கடைசி இலக்கம் வரையிலான எண்ணும் தெரிந்தன. அந்த ஆண்டில்தான் டி-சீரிஸ், பியூடிபை சேனல்களின் போட்டியை நொடிக்கு நொடி எண்ணிக் காட்டும் நேரலைகளுக்குப் பெரும் கூட்டம் கூடியது. மே மாதம் ஜேம்ஸ் சார்லஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் லட்சக்கணக்கில் சந்தாதாரர்களை இழந்ததையும் ஊரே இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பொதுவில் காட்டும் எண்ணைச் சுருக்கப்போவதாக யூடியூப் அறிவித்ததும் அதே மாதம்தான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாகக் காட்டுவது, எண்ணைப் பார்த்துப் பார்த்துப் படைப்பாளர்கள் படும் மன உளைச்சலைக் குறைப்பது என்று இரண்டு காரணங்களைச் சொன்னது. செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தது.

விதி எளியது. ஆயிரத்துக்குக் கீழே உள்ள எண் அப்படியே தெரியும். அதற்கு மேல் போனால் முதல் மூன்று இலக்கங்கள் மட்டுமே நிற்கும். அவற்றுக்குப் பின்னால் எது இருந்தாலும் வெட்டப்படும். பாதிக்கு மேல் இருந்தால் மேலே தள்ளும் வழக்கம் இங்கே கிடையாது. அதனால்தான் 12,387 என்பது 12.3K. இந்தக் கறார்த்தனத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. அருகிலுள்ள எண்ணுக்கு நகர்த்தும் முறையாக இருந்தால், 9,99,500 பேர் உள்ள சேனல் 1M என்று மார்தட்டிக்கொள்ளலாம். வெட்டும் முறையில் 9,99,999 வந்தாலும் 999K தான். திரையில் 1M தெரிந்தால் பத்து லட்சம் பேர் உண்மையாகவே சேர்ந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் படிகள். 10,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் ஒவ்வொரு படியும் 100 பேர். ஒரு லட்சத்தைத் தாண்டியதும் படி 1,000 ஆகிவிடுகிறது; பத்து லட்சத்தில் 10,000; ஒரு கோடியில் ஒரு லட்சம். நாளுக்கு 50 பேர் சேரும் சேனலை எடுத்துக்கொள்வோம். 12.3K-இல் இருக்கும்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை எண் நகரும். அதே சேனல் 100K-ஐத் தொட்ட பிறகு, அதே வேகத்தில் வளர்ந்தாலும், 101K தெரிய இருபது நாள் ஆகும். இந்த இருபது நாளில்தான் "அல்காரிதம் என் சேனலை முடக்கிவிட்டது" என்ற புலம்பல் பிறக்கிறது. திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தால் படியின் அகலம் குறையாது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். மறைக்கப்படும் பங்கும் சிறியதுதான்: 1,00,999 பேர் இருக்க 100K என்று காட்டும் மோசமான நிலையிலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

படியின் விளிம்பில் நிற்பதுதான் வேதனை. சரியாக 1,50,000 பேர் இருக்கும்போது ஒரே ஒருவர் விலகினால் 149K என்று மாறிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆயிரம் பேர் ஓடிவிட்டது போலத் தோன்றும். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் நீக்கும் நாள்களில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். போனது ஒருவரா, ஆயிரம் பேரா என்பது ஸ்டுடியோவைத் திறந்தால் தெரிந்துவிடும்.

சேனல் உரிமையாளர் அல்லாதவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. பெரிய சேனல்களின் சந்தாதாரர்களைக் கடைசி இலக்கம் வரை நேரலையாக எண்ணுவதாகச் சொல்லும் வெளித்தளங்கள் பழைய வேகத்தை வைத்து ஊகிக்கின்றன. சிறிது நேரம் கவனித்தால் பிடித்துவிடலாம்: கடைசி இலக்கங்கள் சீராக ஓடிக்கொண்டே இருக்கும், உண்மையான படி மாறியதும் எண் திடீரென்று துள்ளும். படைப்பாளரின் மன அமைதி சரிதான். ஆனால் ஒரு சர்ச்சை வெடித்த முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்று ஆராய்பவருக்கு ஒரு லட்சம் அகலமுள்ள படி எதற்குப் பயன்படும்? ஆய்வாளர்களுக்காவது துல்லிய எண்ணைத் தருவதே முறை என்பேன்.

சொந்த இணையதளத்தில் சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்ட விரும்பும் சேனல்காரர்களுக்கு ஒரு செய்தி. வெளி நிரல்களுக்குச் சேனல் விவரங்களைத் தரும் யூடியூப் டேட்டா ஏபிஐ-யிடம் சேனல் உரிமையாளரே கேட்டாலும் வெட்டிய எண்தான் கிடைக்கும். நம் வாசகருக்கு வரும் பதில் இது:

```
"subscriberCount": "12300"
```

உங்கள் நிரலில் பிழை ஏதும் இல்லை. அந்த 87-ஐ ஸ்டுடியோவில்தான் பார்க்க வேண்டும்.